மாரியில் மலைக்குப் போக: யாழ்ப்பாணத்திலிருந்து ரிவர்ஸ்டன், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்களுக்கு மாரி எண்டால் ஐப்பசி, கார்த்திகை. மலைநாட்டுக்கும் அப்பதான் மழையோ? எந்த மாதம் போனால் பனிமூட்டத்தையும் பாக்கலாம், அறைக்குள்ள அடைஞ்சு கிடக்கவும் தேவையில்லை?

மலைநாட்டுக்கு இரண்டு மாரி. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது மலையின் மேற்குச் சரிவு நனைகிறது. ஹற்றன், வட்டவளைப் பக்கம் நாள் முழுக்கத் தூறும். அதே காற்று மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது ஈரத்தை இழந்துவிடுவதால் பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் காய்ந்து கிடக்கும். நாங்கள் இங்கே சோளகம் என்று சொல்லுவதும் இந்தக் காற்றைத்தான். யாழ்ப்பாணத்துக்கு அது புழுதியைக் கொண்டு வருகிறது, மலைக்கு மழையைக் கொண்டு போகிறது.

டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வாடைக்காற்று. அப்போது கிழக்குச் சரிவு நனையும், மேற்குப் பக்கம் வெளிக்கும். சிவனொளிபாத மலை யாத்திரைக் காலம் டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி வெசாக் பௌர்ணமியில் முடிவதற்கும் இதுதான் காரணம். இடையில் ஒக்டோபர், நவம்பரில் எல்லாப் பக்கமும் மழைதான். ஆனால் பெரும்பாலும் பிற்பகலில் இடியோடு வரும்.

ஆகவே எங்கள் முதல் தெரிவு ஜூன் முதல் ஓகஸ்ட் வரை. யாழ்ப்பாணம் வறண்டு வெக்கையாக இருக்கும், வீதியில் வெள்ளப் பிரச்சினை இல்லை, மலையில் பனிமூட்டம் நிச்சயம். இரண்டாம் தெரிவு ஒக்டோபர். டிசம்பர் விடுமுறையில்தான் முடியும் என்றால் மாத்தளைக்கு மேலேயுள்ள ரிவர்ஸ்டனை விட்டுவிட்டு ஹற்றன், மஸ்கெலியாப் பக்கம் போங்கள்.

எல்லாரும் நுவரெலியா, எல்ல எண்டுதான் போறினம். ரிவர்ஸ்டன் ஏன்?

யாழ்ப்பாணத்தாருக்கு அது கிட்ட. ஏ9 வீதி கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரை 321 கிலோமீற்றர். அதில் கண்டிக்கு 26 கிலோமீற்றர் முன்னதாகவே மாத்தளை வந்துவிடும். அங்கிருந்து இறத்தோட்டை வழியாக ஏறினால் ரிவர்ஸ்டன் கணவாய், நக்கிள்ஸ் மலைத்தொடரின் மேல் விளிம்பு. யாழ்ப்பாணம்–கண்டி பஸ்ஸில் போய் மாத்தளையில் இறங்கலாம். நுவரெலியா என்றால் கண்டிக்கு அப்பாலும் சில மணி நேரம் வளைந்து வளைந்து ஏறவேண்டும். அந்த நேரத்தை இங்கே காலாற நடந்து கழிக்கலாம்.

மாரிக்கு ரிவர்ஸ்டன் பொருந்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதுதான் முக்கியமானது. இறத்தோட்டைப் பக்கம் ஈரவலயம். கணவாயைத் தாண்டி இல்லுக்கும்புர, லக்கலப் பக்கம் இறங்கினால் உலர்வலயத்தின் தொடக்கம். சோளகக் காலத்தில் ஒரு பக்கம் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத பனிமூட்டம் நிற்க, அரை மணி நேர ஓட்டத்தில் மறுபக்கம் வெயில் அடிக்கும். அறைக்குள் முடங்காமல் இருப்பதற்கு இதைவிட நல்ல அமைப்பு கிடையாது. மழை ஒரு பக்கத்தைப் பிடித்தால் நாங்கள் மற்றப் பக்கம் போய்விடலாம். நுவரெலியாவில் மழை பிடித்தால் அறைதான் கதி.

நக்கிள்ஸ் காடு 2010இல் சிவனொளிபாத மலைக் காட்டோடும் ஹோர்ட்டன் சமவெளியோடும் சேர்த்து யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியது. ஆகவே வனத் திணைக்களத்தின் நுழைவுச்சீட்டு உள்ள இடங்களில் அதை வாங்கிக்கொண்டு, குறித்த பாதையில் மட்டும் நடக்கவேண்டும்.

மழையில நடக்க ஏலுமோ? எந்த நேரம் வெளிக்கிடவேணும்?

காலை 5.45க்குக் கதவைத் திறந்து வெளியே நிற்கவேண்டும். பகலில் நிலம் சூடாகி, ஈரக்காற்று மேலெழுந்து, முகில் திரண்டு மழையாக இறங்குவதற்கு மதியம் ஆகிவிடும். வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிக்கையில் ‘பிற்பகல் 1.00 மணிக்குப் பின்னர் மழை’ என்று வருகிறதென்றால் உங்களுக்குக் காலையில் ஆறேழு மணி நேரம் கையில் இருக்கிறது என்று அர்த்தம். நடை, அருவி, மலைவிளிம்பு எல்லாவற்றையும் அதற்குள் முடித்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குக் கூரைக்குக் கீழே வந்துவிடலாம். ஊரில் எட்டு மணிக்கு எழும்பிப் பத்து மணிக்குக் குளித்து வெளிக்கிடும் பழக்கத்தோடு போனவர்கள்தான் ‘முழு நாளும் மழை’ என்று திரும்பி வருவார்கள்.

இந்தக் கணக்கு இரண்டு வேளைகளில் பிழைக்கும். தென்மேற்குக் காற்று பலமாக இருக்கும் நாட்களில் மேற்குச் சரிவில் காலையிலும் தூறல் நிற்காது. அப்போது நேரத்தை மாற்றிப் பயனில்லை, பக்கத்தை மாற்றுங்கள். வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவாகியிருந்தால் காலை, மாலை என்ற ஒழுங்கே இராது. அந்த வாரம் பயணத்தையே தள்ளி வைக்கவேண்டும்.

பனிமூட்டத்துக்கும் ஒரு சொல். கணவாயின் உச்சியில் நின்றால் நீங்கள் நிற்பது முகிலுக்குள். வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியாது. காட்சி வேண்டுமென்றால் நூறு, இருநூறு மீற்றர் கீழே இறங்கி அண்ணாந்து பாருங்கள். முகில் விளிம்பால் வழிந்து இறங்கிக் கரைவது அங்கிருந்துதான் தெரியும்.

மூண்டு நாள்தான் லீவு. எப்பிடிப் பிரிக்கிறது?

ஓகஸ்ட் மாதத்தில் வானில் போகும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அதிகாலை 4 மணிக்கு யாழ்ப்பாணத்தில் வெளிக்கிட்டால் காலைச் சாப்பாடு வவுனியாவில். தம்புள்ளையைத் தாண்டி மாத்தளைக்கு வர 11 மணியளவில் ஆகும். மாத்தளையில் எரிபொருள் நிரப்பி, காசு எடுத்துக்கொள்ளுங்கள். மேலே இரண்டையும் நம்பியிருக்க முடியாது. இறத்தோட்டையிலிருந்து ஏறத் தொடங்கும்போது மழை பிடித்திருக்கக்கூடும். பரவாயில்லை, முதல் நாள் பிற்பகலை இந்த வீதிக்கே கொடுத்துவிடலாம். மெதுவாக ஏறிக் கணவாயைக் கடந்து, இருட்ட முன் இல்லுக்கும்புரப் பக்கம் இறங்கித் தங்குங்கள். தங்குமிடத்தை உலர்ந்த பக்கத்தில் எடுப்பதுதான் இந்தத் திட்டத்தின் ஆணிவேர். ஈரப் பக்கத்தில் தங்கினால் நனைந்த உடுப்பு மறுநாளும் காயாது.

இரண்டாம் நாள் விடியப் பிட்டவல பத்தன. குட்டைப் புல்வெளி, நடுவே பாறைகள், முடிவில் செங்குத்தாக இறங்கும் விளிம்பு. நடை நீளமில்லை, சிறுபிள்ளைகளும் வருவார்கள். விளிம்பில் எல்லா இடத்திலும் தடுப்பு இருக்கும் என்று எண்ணவேண்டாம்; ஈரப்புல் வழுக்கும், காற்றும் தள்ளும். ஓராள் தூரம் முன்னதாகவே நின்றுவிடுங்கள். 8 மணியளவில் திரும்பக் கணவாய்க்கு ஏறி, தொலைத்தொடர்புக் கோபுரத்துக்குப் போகும் பாதையில் பனிமூட்டத்துக்குள் நடக்கலாம். காற்றடி சில நாள் ஆளை நிமிர விடாது. 11 மணியளவில் சேர எல்ல அருவிக்கு இறங்குங்கள். படிகளால் இறங்கி, நீர்த்திரைக்குப் பின்னாலுள்ள குகையில் நிற்கலாம். தண்ணீர் நிறைந்து வரும் நாளில் குகைக்குள் போகாமல் தள்ளி நின்று பார்ப்பதே சரி. 1 மணிக்குச் சாப்பாடு. பிற்பகலில் மழை வந்தால் விறாந்தையில் இருந்து பிளேன்ரீ குடிக்கலாம். வராவிட்டால் கிராமத்து வயல் வரம்புகளில் ஒரு நடை.

மூன்றாம் நாளைக் காலியாக விடுங்கள். இரண்டாம் நாள் மழை கெடுத்ததை அன்று காலை பார்க்கலாம். கெடுக்காவிட்டால் நேரத்தோடு இறங்கி, வெளிச்சத்தில் வன்னியைக் கடந்து வீடு சேரலாம்.

வான் இல்லை, பஸ்ஸில போகலாமோ?

போகலாம். மாத்தளையிலிருந்து மேலே பஸ் ஓடுகிறது, ஆனால் அடிக்கடி இல்லை. காலை பஸ்ஸில் ஏறவேண்டுமென்றால் முதல் இரவை மாத்தளையில் கழிக்கவேண்டி வரும், ஆகவே நான்கு நாள் வேண்டும். தங்குமிடத்தாரிடம் சொல்லி அங்குள்ள முச்சக்கரவண்டியை ஒரு நாளுக்குப் பேசிக்கொள்வது நல்லது. அந்த வளைவுகள் அவர்களுக்குக் கைப்பாடம்.

என்ன உடுக்கிறது? குடை கொண்டுபோனால் காணாதோ?

கணவாயில் குடை ஐந்து நிமிடம் தாங்காது. முழங்காலுக்குக் கீழே வரும், முன்பக்கம் பூட்டக்கூடிய மழைக்கோட்டு வேண்டும். தலையால் மாட்டும் பொலித்தீன் போர்வை காற்றில் முகத்தைச் சுற்றிக்கொள்ளும்; படியில் இறங்கும்போது காலடி தெரியாது.

அதைவிட முக்கியம் மழைக்கோட்டுக்கு உள்ளே போடும் உடுப்பு. ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை குறையும். ஊரில் 32 என்றால் மேலே 24, 25. கேட்கும்போது குளிராகத் தெரியாது. ஆனால் நனைந்த உடம்பில் காற்று அடிக்கும்போது பல்லுக் கிட்டும். பருத்தியும் ஜீன்ஸும் தண்ணீரைக் குடித்து உடம்போடு ஒட்டி, சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். விளையாட்டுக்குப் போடும் மெல்லிய செயற்கைநூல் உடுப்புப் போட்டால் அரை மணியில் காய்ந்துவிடும். ஆளுக்கு ஒரு சோடி உலர்ந்த உடுப்பையும் துவாயையும் முடிச்சிட்ட பொலித்தீன் பையில் வாகனத்திலேயே வைத்திருங்கள். அதைத் தொட அனுமதி நடை முடிந்த பிறகுதான். பாதி வழியில் மாற்றினால் இரண்டும் நனையும்.

சப்பாத்தின் அடியில் ஆழமான பள்ளங்கள் இருக்கவேண்டும். தேய்ந்த அடியும் பாசி பிடித்த பாறையும் சேர்ந்தால் இடுப்புப் போகும். நனைந்த சப்பாத்தை அடுப்புக்குக் கிட்ட வைக்காமல், உள்ளே பத்திரிகைத் தாளை உருட்டி அடைத்து இரண்டு தரம் மாற்றுங்கள். விடிய அணியக்கூடிய அளவுக்கு ஈரம் போய்விடும்.

அட்டைக்குப் பயம். என்ன செய்யலாம்?

ஈரப் பக்கத்துக் காட்டுப்பாதையில் அட்டை கட்டாயம் இருக்கும். வெயில் படும் புல்வெளியில் குறைவு. நீளமான காலுறை போட்டுக் காற்சட்டையின் நுனியை அதற்குள் செருகுங்கள். பின் நனைத்த சவர்க்காரக் கட்டியைக் காலுறையிலும் சப்பாத்தின் வாயிலும் வெள்ளையாகத் தெரியும்வரை பூசவேண்டும். மழை கழுவிக்கொண்டு போவதால் மணிக்கொரு தரம் திரும்பப் பூசவேண்டியிருக்கும். வரிசையில் முதலில் நடப்பவர் அட்டையை உசுப்பிவிட்டுப் போக, பின்னால் வருபவர்தான் அகப்படுவார். ஆகவே பயந்தவரை முன்னுக்கு விடுங்கள்.

கடித்துவிட்டால் பிடுங்கவேண்டாம், நெருப்பாலும் சுடவேண்டாம். மெல்லிய பக்கம்தான் வாய். அந்த இடத்தில் தோலோடு ஒட்டினாற்போல நகத்தை நுழைத்து வழித்தால் பிடி விடும், பிறகு தடித்த பக்கத்தையும் அதேபோல் எடுக்கலாம். இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருளை அது செலுத்தியிருப்பதால் காயம் நெடுநேரம் கசியும். பார்க்கத்தான் பயம். சவர்க்காரம் போட்டுக் கழுவி, துணியால் அழுத்திக் கட்டினால் போதும். இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மருந்து குடிப்பவர்கள் அந்தப் பாதைக்குப் போகாமல் இருப்பது நல்லது.

பனிமூட்டத்துக்குள்ள வாகனம் ஓடிப் பழக்கமில்லை.

எங்கள் நேர்த் தெருக்களில் ஓடிப் பழகியவர்கள் முதலில் செய்யும் பிழை, பெரிய வெளிச்சத்தைப் போடுவது. பனித்துளிகளில் பட்டு அது அப்படியே திரும்பி வருவதால் கண்முன் வெள்ளைச் சுவர் எழும்பும். தாழ்ந்த வெளிச்சம் மட்டும் போடுங்கள். பார்வை எட்டும் தூரத்துக்குள் நிறுத்தக்கூடிய வேகத்தில்தான் ஓடவேண்டும். பத்து மீற்றர்தான் தெரிகிறதென்றால் அது கிட்டத்தட்ட நடை வேகம். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் ஹோர்ன். ஏறுபவருக்கு இடம் விடுங்கள்.

இறக்கத்தில் பிரேக்கைத் தொடர்ந்து மிதித்தால் சூடேறி, எரிந்த மணம் வரும், பிறகு பிடிக்காது. ஏறும்போது எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். கண்ணாடியின் உட்பக்கம் ஆவி படிந்தால் ஏசியைக் கண்ணாடிக்குத் திருப்புங்கள். ஏசி இல்லையென்றால் இரண்டு பக்க யன்னலையும் இரண்டு விரல் அகலம் திறந்தால் தெளியும். இருட்டிய பிறகு இந்த வீதியில் ஓடவே வேண்டாம்.

அருவியில குளிக்கலாமோ?

மழை நாளில் கூடாது. நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும்போதே மேலே மலையில் பெய்த மழை பத்து நிமிடத்தில் வந்து சேரும். தண்ணீர் கலங்கத் தொடங்குவது, சருகும் சுள்ளியும் மிதந்து வருவது, இரைச்சல் கனப்பது, இந்த மூன்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே கரைக்கு ஏறுங்கள், பொருட்களைப் பொறுக்கிக்கொண்டு நிற்கவேண்டாம். இறத்தோட்டைப் பக்கம் பம்பரகிரி எல்ல அருவி தொங்குபாலத்திலிருந்து பார்க்க அழகாக இருக்கும். அதைப் பாலத்தில் நின்று பார்ப்பதோடு முடித்துக்கொள்ளுங்கள்.

மண்சரிவு எண்டால் எப்பிடி அறியிறது? எப்ப திரும்பவேணும்?

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மலைநாட்டில் மண்சரிவுகள் நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோயின. ஆகவே இதில் துணிச்சலுக்கு இடமில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று நிலைகளில் எச்சரிக்கை விடுகிறது. மாத்தளை மாவட்டத்தில் இறத்தோட்டை, லக்கல ஆகிய பெயர்களைத் தேடுங்கள். மஞ்சள் என்றால் நடையைக் குறைத்து, சரிவு வெட்டிய வீதியோரங்களில் நிறுத்தாதீர்கள். செம்மஞ்சள் என்றால் வெளிச்சம் இருக்கும்போதே இறங்குங்கள், புறப்படாதவர்கள் வீட்டிலேயே நில்லுங்கள். சிவப்பு என்றால் அங்குள்ள அதிகாரிகள் காட்டும் பாதுகாப்பான இடத்துக்குப் போகவேண்டும்.

தொலைபேசி அலை இல்லாத இடத்தில் மழையை நீங்களே அளக்கலாம். நேரான சுவருள்ள வெற்றுப் பேணி ஒன்றை மரமும் கூரையும் இல்லாத வெளியில் வைத்து, சேர்ந்த தண்ணீரின் உயரத்தை அடிமட்டத்தால் பாருங்கள். அந்த மில்லிமீற்றர்தான் மழைவீழ்ச்சி. 24 மணி நேரத்தில் 75ஐத் தாண்டினால் விழிப்பாக இருக்கவேண்டும், 100ஐத் தாண்டினால் வெளியேறத் தயாராக வேண்டும், 150ஐத் தாண்டினாலோ ஒரே மணி நேரத்தில் 75 பெய்தாலோ சரிவின் கீழ் நிற்கக்கூடாது.

நிலமும் சொல்லும். வீதியில் புதிய வெடிப்பு, நேரே நின்ற மரமோ மின்கம்பமோ சாய்வது, இல்லாத இடத்தில் புதிதாக ஊற்று, ஓடிக்கொண்டிருந்த ஊற்று திடீரென வற்றுவது. மழை பெய்துகொண்டிருக்க ஓடையில் தண்ணீர் குறைந்தால் மகிழவேண்டாம். மேலே மண் விழுந்து அடைத்திருக்கலாம், அது உடைத்துக்கொண்டு வரும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். கூட்டிக்கொண்டு போகலாமோ?

கணவாய் வரை வாகனம் போகும், ஆகவே பனிமூட்டம் அவருக்கும் கிடைக்கும். பிட்டவல பத்தனவில் பாதி தூரம் நடக்கலாம். சேர எல்லவின் படிகள் மட்டும் வேண்டாம். இறங்குவது இலகு, ஏறும்போதுதான் தெரியும்.

மலைக்குப் போகக் காசும் லீவும் இல்லை. மாரிக்கு இங்க கிட்ட எங்க போகலாம்?

பெரும்போக நெல் நவம்பர் முதல் ஜனவரி வரை பச்சையாக நிற்கும். சங்குப்பிட்டிப் பாலத்தால் பூநகரிக்குப் போய், மன்னார் வீதியில் இறங்கினால் இரு பக்கமும் வயலும் நீர்நிலையும்தான். காலையில் போய் மாலையில் திரும்பலாம். மன்னார்ப் பக்கம் கட்டுக்கரைக்குளத்தின் அணைக்கட்டில் நடந்தால் வலசை வந்த வாத்துக் கூட்டங்களைப் பார்க்கலாம். பூநாரை தேடிப் போகிறவர்கள் டிசம்பர் வெள்ளத்தில் போய் ஏமாறுவார்கள். அது கணுக்காலளவு தண்ணீரில் நின்று அலகால் அரித்துத் தின்னும் பறவை. களப்பு நிறைந்திருந்தால் வராது. மழை விட்டுத் தண்ணீர் வற்றத் தொடங்கும் ஜனவரி பிற்பகுதியிலிருந்து மார்ச் வரை வங்காலைப் பக்கம் பாருங்கள். இரணைமடு வான் பாயும்போது அணைக்கட்டில் நின்று பார்க்கலாம். கீழ்ப்பக்கத்து ஆற்றுக்கு இறங்கக்கூடாது.

வன்னியில் மிதிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள பற்றைக்குள் கால் வைக்காதீர்கள். தண்ணீர் மூடிய தாம்போதியில் கரைக் கற்கள் தெரியாவிட்டால் வாகனத்தை இறக்காதீர்கள். காலில் வெடிப்போ புண்ணோ இருந்தால் வயல் தண்ணீரில் வெறுங்காலோடு இறங்கவேண்டாம், எலிக்காய்ச்சல் அப்படித்தான் தொற்றுகிறது. 2024 டிசம்பரில் யாழ் மாவட்டத்தில் அது உயிர்களையும் எடுத்தது. வயலில் இறங்கத்தான் வேண்டும் என்றால் முன்கூட்டியே உங்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் தடுப்பு மாத்திரை பற்றிக் கேளுங்கள். இறங்கி வந்த பின் அடுத்த சில வாரங்களுக்குள் காய்ச்சலோடு தசைநோவும் கண்சிவப்பும் வந்தால் பனடோல் போட்டுக்கொண்டு படுத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய், வெள்ளத்தில் நின்றதை வைத்தியரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.